எதுக்கு பார்த்த இரண்டாவது கோடு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று கேட்டால் அவள் புருஷனே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான். ஊரில் எல்லாருக்கும் அவள் 'எதுக்கு'. குழாயடியில், கடையில், கல்யாண வீட்டில், எங்கே நின்றாலும் அவள் வாயில் முதலில் வருவது அந்த ஒரு வார்த்தைதான். "எதுக்கு இந்தக் கதவு உள்பக்கமா திறக்குது?" "எதுக்கு அவர் மட்டும் இடது கையில வாட்ச் கட்டல?" சின்ன வயதில் அதற்காக அடி வாங்கியிருக்கிறாள். அடித்தவர்களிடமும், "எதுக்கு அடிக்கிறீங்க?" என்று கேட்டு இன்னொன்று வாங்கிக்கொண்டாள்.

எனக்கு அவள் மகள் முறை. என் பெரியப்பா மகனின் இரண்டாவது பெண். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. புருஷன் தூரத்து லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு, மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனைக் கடையில் பாட்டில் கழுவ வேலைக்குச் சேர்ந்தாள். லேப் என்று சொல்வார்கள். மொத்தம் இரண்டே அறை. முன்னறையில் நோயாளிகள் உட்கார ஒரு பெஞ்சு, ஊசி குத்த ஒரு நாற்காலி. நடுச்சுவரில் சின்ன ஜன்னல். அந்த ஜன்னல் வழியே மூத்திரப் பாட்டில்களை வாங்கி வரிசை எண் ஒட்டி வைப்பதுதான் அவள் வேலை. உள்ளறையில் ரத்தத்தைச் சுழற்றும் இயந்திரம் ஒன்று, பழைய கிரைண்டர் மாதிரி கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும்.

லேப்காரர் முதல் வருஷம் முழுக்கத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, எழுதுன்னா எழுது. எதுக்குன்னு கேக்காத."

"சரி சார். ஆனா எதுக்கு இந்த ஒருத்தருக்கு மட்டும் தண்ணி கலந்து திரும்பப் பண்றீங்க?"

அவர் கையில் சர்க்கரை மெஷின் இருந்தது. அதில் எண்ணுக்குப் பதிலாக ஒரு எழுத்து மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

"சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி ஆயிட்டா மெஷினுக்கு மூச்சு முட்டிப் போவும். சொல்லத் தெரியாம முழிக்கும். நாலு பங்கு உப்புத்தண்ணிய விட்டு நீர்க்கப் பண்ணிக் குடுத்தா மூச்சு வாங்கிட்டுப் பேசும். வந்த எண்ணை அஞ்சால பெருக்கிக்கணும். போதுமா?"

"மெஷினு மட்டும்தானா சார், மனுஷனும் அப்படித்தானே? கோவம் ஜாஸ்தியானா பேச்சு வராது."

"நீ போய் பாட்டிலைக் கழுவு."

ஆனால் அன்றிலிருந்து அவர் அவளிடம் பதில் சொல்ல ஆரம்பித்தார். நான்கு வருஷத்தில் பாட்டில் கழுவுகிறவள், மூத்திரத்தில் பட்டையை முக்கி நிறம் பார்க்கிறவளாகிவிட்டாள். கடைசியில் கர்ப்பம் பார்க்கிற அட்டையும் அவள் கைக்கே வந்தது. அட்டையின் குழியில் மூன்று சொட்டு விட வேண்டும். ஒரு கோடு வந்தால் அட்டை வேலை செய்கிறது என்று அர்த்தம். இரண்டு கோடு வந்தால் பிள்ளை உண்டாகியிருக்கிறது. அதைப் பார்க்க அவளுக்கு அலுக்கவே அலுக்காது.

அப்படி ஒருநாள் இரண்டு கோடு பார்த்து அவள் கூச்சலிட்டது தன் ஓரகத்திக்காக. புருஷனின் தம்பி பெண்டாட்டி. தையல் கூடத்தில் சட்டைகளுக்குப் பொத்தான் துளை, அதாவது காஜா, போடுகிறவள். அதனால் அவளுக்குக் 'காஜா' என்றே பெயர். நாள் முழுக்கக் கழுத்தில் அளவு டேப் தொங்கும். கல்யாணம் லேட்டாக நடந்தது. வயது நாற்பத்தொன்று. எட்டு வருஷம் காத்திருந்து, நம்பிக்கையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்ட பிறகு வந்த இரண்டு கோடு அது. அவள் புருஷன் கடைசல் பட்டறைக்காரன், லேத் மெஷினில் இரும்பு கடைகிறவன். இரும்பைத் தவிர வேறெதையும் அதிகம் தொட்டுப் பேசாதவன். அன்று அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டறை முழுக்கச் சுற்றிக் காட்டினான். மாமியார் மட்டும், "இப்பவே ஊருக்கெல்லாம் சொல்லாதீங்க" என்று சொல்லிக்கொண்டே தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஏழாவது வாரம் வாந்தி ஆரம்பித்தது.

மசக்கை எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. தண்ணீர் ஒரு மடக்கு போனால் இரண்டு மடக்காகத் திரும்பி வந்தது. கஞ்சியின் வாசனையும் வேண்டாம், சோப்பின் வாசனையும் வேண்டாம். தையல் கூடத்தில் எண்ணெய் போட்ட மெஷின் பக்கத்தில் உட்கார முடியாமல் லீவு எழுதிக்கொடுத்தாள். கன்னம் ஒட்டிப்போனது. எதுக்கு, காஜாவின் மூத்திரத்தை எடுத்துப் பட்டை முக்கிப் பார்த்தாள். பட்டை கத்தரிப்பூ நிறத்துக்கு ஓடியது. உடம்பு சாப்பாடில்லாமல் தன் கொழுப்பையே தின்கிறது என்று அதற்கு அர்த்தம்.

"மசக்கை எவ்வளவோ, பிள்ளை அவ்வளவு கெட்டி," என்றாள் மாமியார். "இவனைச் சுமக்கும்போது நான் எச்சில்கூட முழுங்கல."

"எதுக்கு அத்தை கெட்டிப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி டிரிப்பு?"

"உன்கிட்ட வாயைக் குடுத்தா நான் இன்னிக்கு சமைச்ச மாதிரிதான்."

இரண்டு தடவை டிரிப் ஏற்றினார்கள். கொஞ்சம் தேறினாள். அடுத்த வாரம் திரும்பவும் அதே கதி. பாவாடை நாடா இறுகியதைத்தான் முதலில் காஜா எதுக்குவிடம் சொன்னாள். அளவு பார்த்துப் பழகின கை அல்லவா? கட்டிலில் படுத்தபடியே டேப்பை வயிற்றில் சுற்றிப் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, மூணு வாரத்துல ரெண்டு தடவை நாடாவைத் தளர்த்திக் கட்டினேன். உடம்பு குச்சியாப் போவுது, வயிறு மட்டும் நாலு மாசம் மாதிரி நிக்குது. ரெட்டைப் பிள்ளையா இருக்குமோ?"

பத்தாவது வாரம் உள்ளாடையில் கறை பட்டது. சிவப்பாக இல்லை. பால் விடாத காப்பித் தண்ணீர் மாதிரிக் கருஞ்சிவப்பு. பழைய ரத்தம் உள்ளே தங்கி இறங்கினால்தான் அப்படி இருக்கும். அன்று காலை கடைசல்காரன் ஒரு பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லேப் ஜன்னலுக்கு வந்து நின்றான். உள்ளே லேப்காரர்தான் அட்டையில் சொட்டு விட்டார். ஐந்து நிமிஷம் கழித்து வெளியே எட்டிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"ஒரே கோடுதான்பா. போயிடுச்சு போல. மனசைத் தேத்திக்க."

அவன் ஜன்னல் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டான்.  இரும்புத்தூள் படிந்த கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டான்.

எதுக்கு உள்ளேயிருந்து வந்தாள்.

"அவ இப்ப எப்படி இருக்கா?"

"காலையிலிருந்து ஏழு தடவை வாந்தி அண்ணி. இப்ப ஒண்ணும் இல்ல உள்ள, பச்சையா வருது."

"இன்னுமா?"

"நேத்தைவிட அதிகம்."

அவன் படி இறங்கிப் போன பிறகும் அவள் ஜன்னலை மூடவில்லை. பிள்ளை போய்விட்டால் மசக்கையும் கூடவே போக வேண்டுமே? விருந்தாளி ஊருக்குப் போன பிறகும் எதுக்கு வீட்டில் எல்லா விளக்கும் எரிகிறது?

லேப்காரர் கீழே மருந்துக்கடைக்குப் போயிருந்தார். அவள் கழித்துப் போட வைத்திருந்த தட்டிலிருந்து அந்த அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மேல்கோடு கணக்காக இருந்தது. கீழே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதும் சரியில்லை. கண்ணைச் சுருக்கினால் ஒரு நிழல், மூச்சு விட்டால் அழிந்துபோகும் நிழல். அப்போதுதான் சர்க்கரை மெஷினின் ஞாபகம் வந்தது. சொல்லத் தெரியாமல் முழிக்கிற மெஷின்.

பாட்டிலில் மிச்சம் இருந்ததில் ஒரு சொட்டு, உப்புத்தண்ணீர் ஒன்பது சொட்டு. புது அட்டை. கீழே மங்கலாக ஒரு கோடு எழுந்தது. அந்தப் பத்துச் சொட்டிலிருந்து ஒரு சொட்டு எடுத்து இன்னொரு ஒன்பது சொட்டில் விட்டாள். மூன்றாவது அட்டை. இப்போது இரண்டாவது கோடு, காஜா கையால் நெருக்கித் தைத்த தையல் மாதிரி, அழுத்தமாக நின்றது.

தண்ணீர் விட விட மாயமாகிப் போக வேண்டியது, தண்ணீர் விட விடக் கூடுகிறது. லேப்காரர் வந்ததும் மூன்று அட்டையையும் மேஜையில் வரிசையாக வைத்தாள்.

"இது யாருது?"

"காலையில வந்ததுதான் சார். எதுக்கு இப்படி?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தார். இருபத்தாறு வருஷ அனுபவக்காரருக்கு அப்படி ஒரு முகம் நான் பார்த்ததே இல்லை என்று அவளே பின்னால் சொல்லிச் சிரிப்பாள்.

"அட்டைக்குள்ள ரெண்டு கை இருக்குன்னு வச்சுக்க," என்றார் மெதுவாக. "கர்ப்பத்துச் சுரப்பு ஒண்ணு வந்தா ரெண்டு கையும் சேர்ந்து ஒண்ணைப் புடிக்கும். அப்பத்தான் கோடு. லட்சக்கணக்குல ஒரேயடியா வந்தா, ஒவ்வொரு கையும் தனித்தனியா ஒண்ணைப் புடிச்சுக்கிட்டு நிக்கும். சேரவே சேராது. கோடு விழாது. படிச்சிருக்கேன். பார்த்ததில்ல." குரலைத் தாழ்த்தினார். "நான் அந்தப் புள்ளைக்கு 'இல்ல'ன்னு எழுதிக் குடுத்துட்டேனே."

உடனே போனை எடுத்து, காஜாவுக்கு டிரிப் ஏற்றின டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். பத்து வாரக் கர்ப்பத்தில் அவ்வளவு சுரப்பு இருந்தால் சாதாரணக் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு குறைவு, இப்போதே ஸ்கேனுக்கு அனுப்புங்கள் என்றார் அந்தம்மா. மத்தியானம் கடைசல்காரன் காஜாவை ஆட்டோவில் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனான். எதுக்குவால் வேலையை விட்டுப் போக முடியவில்லை.

இங்கேதான் ஒரு வார்த்தை குழப்பிவிட்டது.

நாலு மணிக்கு எதுக்கு வீட்டுக்கு வந்தபோது வாசலில் மாமியார் சிரித்த முகமாக நின்றாள். கடைசல்காரன் பையில் புடவை, துண்டு அடுக்கிக்கொண்டிருந்தான், ஆனால் அவசரமில்லாமல்.

"கேட்டியா! பிள்ளை போகலையாம். டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, முத்துப்பிள்ளையாம்!"

"என்ன பிள்ளை?"

"முத்துப்பிள்ளை. முத்து மாதிரி பிள்ளைன்னு அர்த்தம். எட்டு வருஷம் கழிச்சு வந்ததுக்கு வேற எப்படி இருக்கும்? அந்த அட்டைதான் பொய் சொல்லியிருக்கு."

எதுக்கு கொழுந்தனைப் பார்த்தாள். "நீங்களே கேட்டீங்களா?"

"ஆமா அண்ணி. 'இது முத்துப்பிள்ளை கர்ப்பம், உடனே வந்து சேருங்க, சுத்தம் பண்ணணும், ரத்தம் ரெடி பண்ணணும்'னாங்க. நான் முத்துன்ன உடனே... மத்ததெல்லாம் சரியாக் காதுல விழல. வயிறு முழுக்கப் பஞ்சு பறக்கிற மாதிரி டிவியில தெரிஞ்சுது. அழகா இருந்துது."

"பிள்ளை நல்லா இருந்தா எதுக்குச் சுத்தம் பண்ணணும்?"

மாமியாரின் முகம் சுண்டியது. "வயிறைக் கழுவற மாதிரி எதுவோ சொல்லியிருப்பாங்க, வாந்திக்காக. நல்லா இருக்கிற பிள்ளையை வச்சுக்கிட்டு நான் இவளை அங்க அனுப்ப மாட்டேன். ரெஸ்டு எடுத்தாப் போதும்."

"அத்தை, பஞ்சு பறந்துதுங்கறாரு. கை தெரிஞ்சுது, கால் தெரிஞ்சுது, நெஞ்சு துடிச்சுதுன்னு எங்கயாவது சொன்னாரா?"

 குளியலறையிலிருந்து காஜாவின் குரல் வந்தது. கத்தலில்லை, கூப்பிடல்தான். "அக்கா, இங்க வாங்களேன். இது என்னன்னு பாருங்க."

மாமியார்தான் முன்னே ஓடினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு காஜா நின்றாள். கால் வழியே கருஞ்சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது. வாந்திக்கு வைத்திருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டில், ரத்தத்துக்கு நடுவில், சின்னச்சின்ன உருண்டைகள். ஊறின ஜவ்வரிசி மாதிரி. சிலது பெரிய திராட்சை அளவு. உள்ளே தெளிந்த நீர், வெளியே கண்ணாடித் தோல், நூலில் கோத்தது போல ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

மாமியார் குனிந்தாள். அப்படியே நின்றாள்.

"முத்து," என்றாள்.  முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். பிறகு தலைப்பை எடுத்துவிட்டு மகனிடம் சத்தமாகச் சொன்னாள்: "என்னடா முழிச்சுக்கிட்டு நிக்கிற? ஆட்டோவைக் கூப்பிடு! ஓடு!"

எதுக்குவின் பையில் எப்போதும் ஒரு சுத்தமான பாட்டில் இருக்கும். தட்டிலிருந்து அந்த உருண்டைகளை ஒரு கரண்டியால் அதில் எடுத்துப் போட்டு மூடினாள்.  பார்க்கப் பயமாகவும் இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை என்கிறாள். ஆட்டோவில் காஜா அவள் தோளில் சாய்ந்து கேட்டாள்.

"அக்கா, ரெட்டைப் பிள்ளை இல்லையா?"

"இல்ல கண்ணு."

"ஒண்ணுகூடவா?"

எதுக்கு, காஜாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நாடியையும் அழுத்தத்தையும் பார்த்து, ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்து, தைராய்டும் நுரையீரல் படமும் பார்க்கச் சொல்லிவிட்டு, காஜாவின் கட்டிலருகே மற்ற மூன்று பேரையும் எதிரில் உட்கார வைத்தார்.

"இது குழந்தை இல்லை. குழந்தைக்குச் சோறு போடற நஞ்சுக்கொடி மட்டும் தப்பா வளர்ந்திருக்கு. அதுக்குத்தான் முத்துப்பிள்ளைன்னு பேரு. ஆயிரத்துல ஒண்ணு ரெண்டுதான் வரும். அந்த நஞ்சு சுரக்கிற சுரப்பு எக்கச்சக்கம், அதனாலதான் இந்த வாந்தி, அதனாலதான் வயிறு நாள் கணக்குக்கு மேல பெருசு."

"எதுக்கு டாக்டரம்மா இப்படி வளருது?" கேட்டது எதுக்குதான்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "பிள்ளைக்கு அம்மா பாதி, அப்பா பாதி சேரணும். இதுல பெரும்பாலும் முட்டைக்குள்ள அம்மா பங்கு காணாமப் போயிருக்கும். அப்பா பங்கே ரெண்டு மடங்கா உட்கார்ந்திருக்கும். நஞ்சு மட்டும் வளர அது போதும். பிள்ளை வளர அது போதாது."

"அப்ப..." என்று மாமியார் ஆரம்பித்தாள். இத்தனை வருஷமும் மருமகள் உடம்பைத்தான் அவள் குறை சொல்லியிருக்கிறாள். மகன் பக்கம் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"இவர் மேலயும் தப்பில்ல பாட்டியம்மா," என்றார் டாக்டரம்மா. "யாரும் எதையும் செஞ்சு வர்றதில்ல. நாற்பது தாண்டினா கொஞ்சம் அதிகமா வரும், அவ்வளவுதான்."

பிறகு காஜாவிடம் நேராகப் பேசினார். உறிஞ்சு குழாயால் உள்ளே இருப்பதை எடுத்துவிட வேண்டும். அவள் வயசுக்குக் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவதும் ஒரு வழி. ஆனால் எதைச் செய்தாலும் அந்தத் திசு மிச்சம் இருந்து திரும்பவும் வளரக்கூடும், புற்றுநோய் மாதிரி பரவவும் கூடும். சரியாகக் கண்டுபிடித்தால் மருந்தால் குணமாகும். அதனால் வாராவாரம் ரத்தத்தில் சுரப்பைப் பார்க்க வேண்டும். எண் தரையைத் தொட்டு, அங்கேயே நிற்கும்வரை விடக் கூடாது. அதுவரை கர்ப்பம் தரிக்கவே கூடாது, தரித்தால் எந்தச் சுரப்பு எதனுடையது என்று தெரியாமல் போய்விடும்.

"பையை வச்சுக்கறேன்," என்றாள் காஜா. "எண்ணைப் பார்த்துக்கறேன்."

அன்றே எடுத்தார்கள். எடுத்த அத்தனையும் திசு பரிசோதனைக்குப் போனது. மூன்றாம் நாள் அவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்; அது உள்ளேயே தங்கியது. அதைப் பார்த்துத்தான் கடைசல்காரன் முதல் தடவையாக அழுதான்.

அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் எதுக்கு, லேப்காரர் சொல்லிக்கொடுத்தபடி ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள். எங்கள் ஊர் லேபில் அந்த எண் பார்க்க வசதி இல்லை. பெரிய லேபுக்குத்தான் அனுப்புவார்கள். முதல் எண் நாலு லட்சத்துக்கு மேல். பிறகு அறுபதாயிரம். பிறகு ஐயாயிரம். எதுக்கு ஒரு பழைய தையல் நோட்டில் எழுதி வைத்தாள். காஜா அதன் ஓரத்தில் அளவு டேப்பால் கோடிழுத்து ஒவ்வொரு வாரமும் எவ்வளவு இறங்கியது என்று புள்ளி வைப்பாள். புள்ளி கீழே கீழே போனது. எண்ணூறு, இருநூற்றுப் பத்து.

அடுத்த வாரம் இருநூற்று அறுபது.

வீட்டில் யாரும் அன்று சாப்பிடவில்லை. மாமியார் மட்டும், "தப்பா எழுதியிருப்பான், ஒரு கோடு ரெண்டு கோடான மாதிரி" என்று முனகிக்கொண்டிருந்தாள். எதுக்கு அந்தக் காகிதத்தின் தலைப்பைப் படித்தாள். திரும்பப் படித்தாள். நேராக லேப்காரரிடம் போனாள்.

"எதுக்கு சார் இந்தக் காகிதத்துல வேற கடைப் பேரு?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த வாரம் பெரிய லேபின் வண்டி வரவில்லை, அதனால் வேறோர் இடத்துக்கு அனுப்பியிருந்தார். ஒவ்வொரு இடத்து மெஷினும் ஒவ்வொரு மாதிரி படிக்கும். ஒரே இடத்தில்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். எதுக்கு மறுநாளே திரும்ப ரத்தம் எடுத்துப் பழைய இடத்துக்கே அனுப்பினாள். நூற்று முப்பது. காஜா புள்ளி வைத்துவிட்டு டேப்பைத் தூக்கி எதுக்குவின் கழுத்தில் மாலையாகப் போட்டாள்.

பத்தாவது வாரம் எண் ஐந்துக்குக் கீழே போனது. மூன்று வாரம் அங்கேயே நின்றது. பிறகு மாதம் ஒரு தடவை, ஆறு மாதம். அசையவில்லை. தையல் கூடத்தில் காஜா திரும்பவும் பொத்தான் துளை போட ஆரம்பித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

கடைசி ரத்தம் கொடுத்த அன்று, எதுக்கு அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டு ஒரு அட்டையை எடுத்து வைத்தாள். மூன்று சொட்டு. ஒரு கோடு. கீழே நிழல்கூட இல்லை. அதோடு விடவில்லை. உப்புத்தண்ணீர் கலந்து இன்னொரு அட்டை. ஒரு கோடு. இன்னும் கலந்து இன்னொரு அட்டை. ஒரே கோடு.

"ரத்தத்துலயே இல்லன்னு வந்துடுச்சே, இப்ப எதுக்கு அக்கா தண்ணி?" என்றாள் காஜா.

"அதுதான் என் பேரு," என்றாள் எதுக்கு.

அன்று சாயங்காலம் மாமியார் காஜாவின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"டாக்டரம்மா இனி தடையில்லன்னு சொன்னாங்களாமே. மறுபடி..."

காஜா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மென்று முழுங்கி, தண்ணீர் குடித்து, டம்ளரை வைத்த பிறகுதான் பேசினாள்.

"பார்க்கலாம் அத்தை. இந்தத் தடவை வந்தா முதல்ல ஸ்கேனு. அப்புறம்தான் தெரு."

"அதுவும் சரிதான்," என்றாள் மாமியார்.

எதுக்கு இன்னும் அந்த ஜன்னலில்தான் இருக்கிறாள். கறையோடு, ஓயாத வாந்தியோடு யார் வந்து ஒரே கோடு விழுந்தாலும் லேப்காரர் இப்போது கையெழுத்துப் போடுவதற்கு முன் உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பார்: "எதுக்கு, கொஞ்சம் தண்ணி விட்டுப் பாரும்மா."